பிள்ளைக்கு ஊசி தேவையா?

"மனைவிக்கு புதன் கொப்பளிப்பான் வந்தது, வெள்ளி பிள்ளை பிறந்தது. பிள்ளையில ஒரு கொப்பளமும் இல்லை. ஊசி தேவையா?"

தேவை, இன்றைக்கே. கொப்பளம் வருமுன் போட்டால்தான் இந்த இம்யூனோகுளோபுலின் ஊசி பயன் தரும்.

வைரஸ் தாயிடமிருந்து பிள்ளைக்கு முதலில் போய்விடும். அதை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் தாயில் உருவாகி நஞ்சுக்கொடி வழியாகப் போகச் சில நாட்கள் வேண்டும். உங்களுக்குக் கிடைத்தது இரண்டே நாள். ஊசியில் இருப்பது அந்தப் பிறபொருளெதிரிகள்தான்; அது அந்தக் குறையை நிரப்புகிறது.

முதல் கொப்பளம் கண்ட நாளை மனைவியிடம் திரும்பவும் கேளுங்கள். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்பு வரை என்றால் ஆபத்து மிக அதிகம். அந்தத் தேதியைப் பெரியாஸ்பத்திரி குழந்தை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஊசி நோயை முழுதாகத் தடுக்காது, கடுமையைக் குறைக்கும். அதனால் 28 நாள் பாருங்கள். காய்ச்சல், பால் குடிக்காமை, ஒரே ஒரு கொப்பளம் என்றாலும் உடனே கொண்டு போங்கள்; அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள்.

மனைவிக்கு இனி இந்த ஊசி உதவாது. வீட்டில் அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை வைக்கட்டும், சரி. ஆனால் இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம், காத்திருக்க வேண்டாம்.