மாறாச் செலவு கூடினால் விலை கூடுமா? முற்றுரிமைக்கு ஒரு பதில், போட்டிக்கு வேறு பதில்

கேள்வி: முற்றுரிமை நிறுவனத்தின் மாறாச் செலவு கூடினால் விலையும் உற்பத்தியும் மாறாது என்று எழுதினேன், சரி என்றார்கள். நிறைவுப் போட்டியில் இருக்கும் நிறுவனத்தின் நீண்ட காலத்துக்கும் அதையே எழுதினேன், தவறு என்று அடித்துவிட்டார்கள். இரண்டிலுமே இறுதிநிலைச் செலவு மாறவில்லையே, பிறகு போட்டியில் மட்டும் விலை எப்படி மாறும்? கணக்கோடு விளக்க முடியுமா?

பதில்: இறுதிநிலைச் செலவு இரண்டிலும் மாறவில்லை என்று நீங்கள் பிடித்தது சரிதான். போட்டியில் விலையை ஏற்றுவது அது அல்ல. சந்தையில் எத்தனை நிறுவனங்கள் தங்குகின்றன என்ற எண்ணிக்கைதான் ஏற்றுகிறது. முற்றுரிமையில் இருப்பதே ஒரு நிறுவனம் என்பதால் அங்கே அந்த எண்ணிக்கை படிப்படியாகக் குறைய வழியில்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

முதலில் முற்றுரிமை. தேவைக்கோடு P = 100 − Q. ஒவ்வோர் அலகையும் தயாரிக்க ஆகும் கூடுதல் செலவு 20. மாறாச் செலவு 1200. ஆண்டுதோறும் கட்டும் உரிமக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுதிநிலை வருவாய் 100 − 2Q. அதை 20க்குச் சமப்படுத்தினால் Q = 40, P = 60. விற்பனை வருவாயில் மாறும் செலவைக் கழித்தால் கையில் நிற்பது 40 × 40 = 1600. அதிலிருந்து 1200 கட்டினால் லாபம் 400.

இப்போது கட்டணம் 1500 ஆகிறது. விலையை ஏற்றி அந்த 300ஐ மீட்டுவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். விலையை 65 ஆக்கிப் பாருங்கள். விற்பது 35 அலகு, ஓர் அலகில் நிற்பது 45, மொத்தம் 1575. முன்பு நின்ற 1600ஐவிட 25 குறைவு. விலையை 55க்கு இறக்கினாலும் 45 × 35, அதே 1575தான். 60ஐ விட்டு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கையில் நிற்கும் தொகை குறைகிறது. கட்டணம் 1200 ஆனாலும் 1500 ஆனாலும் அது இந்தத் தொகையிலிருந்து கடைசியில்தான் கழிகிறது. எந்த விலையில் அதிகம் நிற்கும் என்பதை அது தொடுவதே இல்லை. 65இல் அதிக லாபம் கிடைக்கும் என்றால், கட்டணம் ஏறும்வரை காத்திராமல் முதலாளி நேற்றே 65 வைத்திருப்பார். ஆகவே விலை 60, உற்பத்தி 40, லாபம் மட்டும் 400இலிருந்து 100க்கு இறங்குகிறது. சுமை முழுவதும் முதலாளியின் லாபத்தில் விழுகிறது, வாங்குபவர் தலையில் ஏறுவதில்லை.

கட்டணத்தை வேறு விதமாக வசூலித்தால் கதை மாறிவிடும். அலகுக்கு 10 என்று வரி போட்டால் இறுதிநிலைச் செலவு 30 ஆகிறது; Q = 35, P = 65. தேர்வில் கேள்வியைப் படித்ததும் ஒன்றைச் சோதியுங்கள்: இன்னும் ஓர் அலகு தயாரித்தால் இந்தச் செலவு கூடுமா? கூடாது என்றால்தான் அது மாறாச் செலவு. வாடகை, உரிமம், காப்பீடு என்ற பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். விற்பனையில் இத்தனை சதவீதம் என்று வாங்கும் வாடகையும் உண்டு, அது மாறாச் செலவு ஆகாது.

‘மாறாது’ என்ற பதிலுக்கு ஓர் எல்லையும் இருக்கிறது, நம் கணக்கில் அது 1600. கட்டணம் 1700 ஆனால் எந்த விலை வைத்தாலும் நட்டம் 100க்குக் குறையாது. இந்த ஆண்டுக்கான தொகையை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, திரும்ப வராது என்றால் இந்த ஆண்டு ஓடிக்கொண்டே இருப்பார். மூடினால் 1700 முழுவதும் நட்டம், ஓடினால் 100 மட்டும். நீண்ட காலத்தில் கட்டணத்தைக் கட்டாமல் விலகிவிடலாம், விலகிவிடுவார். உற்பத்தி 40இலிருந்து நேராக 0. இடையில் 38, 35 என்று படிப்படியாகக் குறையும் கட்டமே கிடையாது. மாறாச் செலவு ‘எவ்வளவு தயாரிப்பது’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, ‘இருப்பதா, போவதா’ என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது.

போட்டியிலும் அதே விதிதான். ஆனால் அங்கே ‘இருப்பதா, போவதா’ என்று பல நிறுவனங்கள் கேட்டுக்கொள்கின்றன, அவற்றில் சில போய்விடுகின்றன.

ஒரே மாதிரியான நிறுவனங்கள், ஒவ்வொன்றின் மொத்தச் செலவும் 100 + q². மாறாச் செலவு 100, இறுதிநிலைச் செலவு 2q, சராசரிச் செலவு 100/q + q. சராசரிச் செலவு மிகக் குறைவாக இருப்பது q = 10இல், அங்கே அது 20. சந்தைத் தேவை Q = 1200 − 10P. நீண்ட காலச் சமநிலையில் விலை 20, மொத்த விற்பனை 1000, நிறுவனங்கள் 100, லாபம் பூச்சியம்.

எல்லா நிறுவனங்களுக்கும் மாறாச் செலவு 144 ஆகிறது. மறுநாளே ஒன்றும் நடக்காது. இறுதிநிலைச் செலவு அதே 2q, விலை அதே 20, ஒவ்வொரு நிறுவனமும் அதே 10 அலகு. வருவாய் 200, செலவு 244, நட்டம் 44. குறுகிய காலம் வரைக்கும் உங்கள் விடை போட்டிக்கும் பொருந்தும்; நீங்கள் சறுக்கியது ‘நீண்ட காலம்’ என்ற சொல்லில்.

நட்டத்தில் யாரும் நிரந்தரமாக இருக்க மாட்டார்கள், சிலர் வெளியேறுகிறார்கள். பத்து நிறுவனங்கள் போய் 90 மிஞ்சும்போது விலை ஏறத்தாழ 21.8. இருப்பவர்களின் நட்டம் 44இலிருந்து சுமார் 25க்குக் குறைந்திருக்கும், ஆனாலும் நட்டம்தான், ஆகவே வெளியேற்றம் தொடரும். 80 நிறுவனங்கள் மிஞ்சும்போது விலை 24. அந்த விலையில் ஒவ்வொருவரும் 2q = 24 என்ற கணக்கில் 12 அலகு தயாரிக்கிறார்கள். வருவாய் 288, செலவு 144 + 144 = 288. நட்டம் தீர்ந்தது, வெளியேற்றம் நின்றது. 80 × 12 = 960, தேவைக்கோடும் 24இல் 960 என்றே சொல்கிறது.

விலை கூடியது, சந்தையின் மொத்த உற்பத்தி 1000இலிருந்து 960க்குக் குறைந்தது, ஆனால் தங்கிய ஒவ்வொரு நிறுவனத்தின் உற்பத்தியும் 10இலிருந்து 12க்குக் கூடியது. மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த மூன்றாவதில்தான். செலவு ஏறினால் உற்பத்தி குறைய வேண்டும் என்று கை தானாக எழுதிவிடுகிறது. படத்தை வரைந்தால் ஐயம் தீரும். இறுதிநிலைச் செலவுக்கோட்டைத் தொடாதீர்கள், சராசரிச் செலவுக்கோட்டை மட்டும் மேலே தூக்குங்கள். சராசரிச் செலவின் அடிப்புள்ளியை இறுதிநிலைக் கோடு வெட்டியே ஆக வேண்டும். அந்தக் கோடு மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் புதிய அடிப்புள்ளி பழையதற்கு மேலேயும் வலப்புறமாகவும் விழும். மேலே என்றால் விலை உயர்வு, வலப்புறம் என்றால் நிறுவனத்தின் உற்பத்தி உயர்வு. கூடிய மாறாச் செலவைப் பகிர்ந்துகொள்ள அதிக அலகுகள் தேவைப்படுகின்றன என்பதே இதன் பொருள்.

இன்னொரு தவறும் அடிக்கடி வரும். கூடிய 44ஐ 10 அலகுக்குப் பகிர்ந்து, விலை 4.4 உயர்ந்து 24.4 ஆகும் என்று எழுதுவது. அது எங்கே உடைகிறது பாருங்கள். விலை 24.4 இருக்கும்போது பத்தாவது அலகின் இறுதிநிலைச் செலவு 20தான். யாரும் 10இல் நிற்க மாட்டார்கள், 12.2 வரை போவார்கள். அங்கே லாபம் கிடைக்கும், அதனால் புதியவர்கள் உள்ளே வருவார்கள், விலை 24க்கு இறங்கும். ஒவ்வோர் ஆலையும் 10 அலகுக்கு மேல் தயாரிக்கவே முடியாதபடி கொள்ளளவு கட்டப்பட்டிருக்கும் தொழிலில் மட்டும் இந்தப் பகிர்வு சரியாக வரும். அங்கே நிறுவனத்தின் உற்பத்தி மாறாது, உயர்வு முழுவதும் விலையில் ஏறும்.

போட்டிக் கணக்கில் ‘எல்லா நிறுவனங்களுக்கும்’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். நூற்றில் ஒன்றுக்கு மட்டும் மாறாச் செலவு கூடினால் சந்தை விலை 20இலேயே நிற்கும். அந்த நிறுவனம் நீண்ட காலத்தில் வெளியேறும், அதன் இடத்துக்குப் பழைய செலவில் இன்னொன்று வரும்.

இனி, ‘முற்றுரிமையில் விலை மாறாது’ என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாத இடம் ஒன்று: விலையைச் சராசரிச் செலவுக்குச் சமமாக வைக்கச் சொல்லி அரசு கட்டுப்படுத்தும் முற்றுரிமை. நம் முதல் கணக்கையே எடுங்கள். மாறாச் செலவு 1200 என்றால் அனுமதிக்கப்படும் விலை 40. அந்த விலையில் 60 அலகு விற்கும், அலகுக்கு 20 நின்று சரியாக 1200 சேரும். மாறாச் செலவு 1500 ஆனால் விலை 50, விற்பனை 50, அலகுக்கு 30 நின்று 1500. இங்கே மாறாச் செலவு நேராக விலைக்குள் போகிறது, ஏனென்றால் விலையை முடிவு செய்வது லாபக் கணக்கு அல்ல, செலவை ஈடுகட்டும் விதி. 300 உயர்வு, கட்டுப்பாடு இல்லாதவரிடம் லாபத்தை மட்டும் குறைத்தது. கட்டுப்பாட்டில் இருப்பவரிடம் வாங்குபவர் தரும் விலையை 10 ஏற்றிவிட்டது. மாறாச் செலவு 1600ஐத் தொடும்போது இந்த விலையும் 60க்கு வந்துவிடும். அதைத் தாண்டினால் செலவை ஈடுகட்டும் விலை என்று எதுவும் இல்லை, மானியம் தர வேண்டும் அல்லது மூட வேண்டும்.