கொடைக்கானலில் போன் வீடியோ: டிரைபாடா, கிம்பலா, கைப்பிடியா?

"கொடைக்கானல் போகிறேன், கையில் 2,000 ரூபாய்தான். போனில் ஆடாமல் வீடியோ எடுக்க எதை வாங்கலாம்?"

டிரைபாட் வாங்குங்கள், நடுத்தண்டின் அடியில் கொக்கி இருப்பதாகப் பார்த்து. கோக்கர்ஸ் வாக்கில் காற்றடித்தால் லேசான டிரைபாட் நடுங்கும். தண்ணீர் பாட்டில் போட்ட பையை அந்தக் கொக்கியில், அடிப்பக்கம் தரையைத் தொடும்படி மாட்டுங்கள். அந்தரத்தில் தொங்கினால் பையே ஆடி எல்லாவற்றையும் ஆட்டிவிடும். நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் மேகத்தை 2 நொடிக்கு ஒரு படமாக 10 நிமிடம் எடுத்தால் 300 படம் வரும். நொடிக்கு 30 படம் என ஓட்டினால் 10 நொடி டைம்லாப்ஸ். கையில் பிடித்து இதை எடுக்க முடியாது.

நடந்து எடுக்கும்போது டிரைபாடின் கால்களை மடக்கி, அதையே கைப்பிடியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே எடை இருப்பதால் போன் சட்டென்று திரும்பாது. தனிக் கைப்பிடி தருவதும் இவ்வளவுதான். ஆனால் சோலைக்காட்டு நிழலில் ஷட்டர் மெதுவாகும். போனின் ஸ்டெபிலைசேஷன் படத்தை நேராக்கினாலும், ஒவ்வொரு அடிக்கும் காட்சி மங்கி மங்கித் தெளியும். அங்கே நின்றுதான் எடுக்க வேண்டும்.

கிம்பல் மோட்டார் வைத்துப் போனின் சாய்வையும் திருப்பத்தையும் சரிசெய்யும், சரி. அடி வைக்கும்போது வரும் மேல்-கீழ் குலுக்கல் அப்படியே மிஞ்சும். நல்ல கிம்பல் இந்தப் பணத்துக்குக் கிடைப்பதும் கஷ்டம். மழைச்சாரல் அதன் மோட்டாருக்கு ஆகவே ஆகாது.