கேள்வி பதில்: உள்ளே வரலாம் என்று யார் சொன்னது?

வான்வெளி வகுப்புகள் பற்றிக் கேளுங்கள். சிறு விமானங்களில் பயிற்சி கொடுப்பவன் என்பதால் விஎஃப்ஆர், அதாவது கண்ணால் வெளியே பார்த்துப் பறக்கும் விதிகளின் பக்கத்தில் இருந்துதான் பதில் வரும். நாட்டைக் குறிப்பிடாமல் சொன்னால் அது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் பொது அட்டவணை. அமெரிக்க விதி என்றால் அமெரிக்கா என்றே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் கலப்பதால்தான் வருகிறது.

தனிப்பறப்பு: சார், ஏ முதல் ஜி வரை மனப்பாடம் செய்கிறேன், நிற்கவே மாட்டேன் என்கிறது. சுருக்கு வழி உண்டா?

எழுத்துகளை விடுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டே கேள்வி கேளுங்கள். உள்ளே நுழைய யாரிடமாவது கேட்க வேண்டுமா? நுழைந்த பிறகு மற்ற விமானங்களில் இருந்து என்னை யார் விலக்கி வைக்கிறார்கள்?

ஏ-யில் விஎஃப்ஆருக்கு இடமே இல்லை. பி-யில் அனுமதி வேண்டும், எல்லோரையும் எல்லோரிடமிருந்தும் கன்ட்ரோலர் பிரித்து வைப்பார். சி-யிலும் அனுமதி வேண்டும். அங்கே கருவிகளை நம்பிப் பறக்கும் ஐஎஃப்ஆர் விமானங்களில் இருந்து உங்களைப் பிரிப்பார்கள், உங்களைப் போன்ற இன்னொரு விஎஃப்ஆர் வருகிறது என்றால் தகவல் மட்டும் தருவார்கள். டி-யிலும் அனுமதி வேண்டும், ஆனால் விஎஃப்ஆர் விமானத்தை அங்கே யாரும் எதிலிருந்தும் பிரிப்பதில்லை, போக்குவரத்துத் தகவல் மட்டுமே. இ-யில் விஎஃப்ஆருக்கு அனுமதியும் வேண்டாம், ரேடியோவும் கட்டாயமில்லை. ஜி-யில் யாருக்கும் அனுமதி தேவையில்லை. எஃப் ஓர் ஆலோசனை வான்வெளி. அதை இன்று தொடப் போவதில்லை.

டி-யைக் கவனியுங்கள். அனுமதி வாங்கி உள்ளே போனதும் "டவர் பார்த்துக்கொள்ளும்" என்று மாணவர்கள் தலையைக் குனிந்து கருவிகளைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். நுழைய அனுமதி கிடைப்பது ஒன்று, உங்களை யாரோ காப்பாற்றுகிறார்கள் என்பது வேறொன்று. இதை இன்று நான்கு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிம்_பைலட்: ஒரு ஏர்போர்ட் எந்த கிளாஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏர்போர்ட்டுக்கு வகுப்பு கிடையாது, அதைச் சுற்றியுள்ள காற்றுக்குத்தான். ஒரே ஓடுபாதைக்கு மேலே தரையிலிருந்து ஒரு உயரம் வரை டி, அதற்கு மேல் இ என்று இருக்கலாம். வரைபடத்தில் வட்டத்தைப் பார்த்தால் போதாது. அதன் அடித்தளமும் கூரையும் எத்தனை அடி என்று எழுதியிருப்பதையும் படியுங்கள்.

மலைக்காற்று: டவர் "ஸ்டாண்ட்பை" என்று சொன்னால் உள்ளே போகலாமா, கூடாதா? இரண்டு பயிற்றுநர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

இருவரும் வேறு வேறு நாட்டில் படித்திருக்கலாம். அமெரிக்காவில் சி, டி இரண்டுக்கும் முறையான அனுமதி தேவையில்லை. எல்லைக்குள் போகும் முன் இருவழி ரேடியோத் தொடர்பு ஏற்பட்டிருந்தால் போதும். கன்ட்ரோலர் உங்கள் அழைப்புப் பெயரைச் சொல்லி "ஸ்டாண்ட்பை" என்றால் தொடர்பு ஏற்பட்டுவிட்டது, போகலாம். பெயர் சொல்லாமல் "ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டாண்ட்பை" என்றால் ஏற்படவில்லை, வெளியே நில்லுங்கள். பெயரைச் சொல்லி "வெளியே இருங்கள்" என்றாலும் வெளியேதான்.

ஒரு உதாரணம். அங்கே கிளாஸ் சி-யின் வழக்கமான வடிவம் இரண்டு அடுக்கு. நிலையத்தைச் சுற்றி 5 கடல் மைல் வரை தரையிலிருந்தே தொடங்கும். 5 முதல் 10 கடல் மைல் வரை உள்ள விளிம்பு தரைக்கு மேல் 1,200 அடியில் தொடங்கும். இரண்டுக்கும் கூரை நிலைய உயரத்துக்கு மேல் 4,000 அடி. நீங்கள் ஒரு செஸ்னா 172-இல் தரைக்கு மேல் 2,500 அடியில், 100 நாட் வேகத்தில், நேராக நிலையத்தை நோக்கிப் போகிறீர்கள். 15 கடல் மைலில் முதல் அழைப்பு, பதில் இல்லை. விளிம்புக்கு இன்னும் 5 கடல் மைல், அதாவது 3 நிமிடம். 13-இல் மறுபடி அழைக்கிறீர்கள், "ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டாண்ட்பை" என்கிறார். மிச்சம் இரண்டு நிமிடம்கூட இல்லை. இங்கேதான் பலரும் "பதில் வந்துவிட்டதே" என்று நேரே போய்விடுகிறார்கள். 12 தாண்டும் முன்பே திரும்புங்கள். சாதாரண வேகத்தில் ஒரு முழு வட்டம் 2 நிமிடம் எடுக்கும், அதற்குள் ரேடியோவில் இடைவெளி கிடைத்துவிடும். அடுத்த அழைப்புக்கு உங்கள் பெயரோடு "ஸ்டாண்ட்பை" வந்தால் நிலையத்தை நோக்கிப் போகலாம். உள்ளே போன பிறகு அவர் ஒன்றுமே சொல்லாவிட்டால் உங்கள் பாதையில் நீங்களே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான், வெளியே பார்த்தபடி.

பழைய_கை: இவ்வளவு எதற்கு? ஸ்டாண்ட்பை என்றால் போகலாம், அவ்வளவுதான். எத்தனையோ வருடமாக இப்படித்தான் பறக்கிறேன், ஒருவரும் கேட்டதில்லை.

அண்ணே, அமெரிக்காவில் பெயரோடு சொன்னால் நீங்கள் சொல்வது சரி. அதே பழக்கத்தோடு பிரிட்டனில் ஒரு டி-க்குள் போனால் விதிமீறல். ஐகாவோ அட்டவணையில் டி-க்கு விஎஃப்ஆர் விமானமும் அனுமதி வாங்கியாக வேண்டும். "ஸ்டாண்ட்பை" என்பது காத்திரு என்பதுதானே தவிர அனுமதி அல்ல. அங்கே உங்கள் பெயரை மூன்று தடவை சொன்னாலும், அனுமதி என்ற சொல் வரும்வரை வெளியேதான் நிற்க வேண்டும்.

பழைய_கை: வகுப்பு உலகத்துக்கே பொது என்றுதானே எழுத்து வைத்தார்கள்? அப்புறம் நாட்டுக்கு நாடு மாறினால் என்ன பயன்?

எழுத்துகள் பொதுதான். அமெரிக்காவும் 1993 செப்டம்பரில் பழைய பெயர்களை விட்டு இந்த எழுத்துகளுக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் வேறுபாடுகளை அறிவித்துக்கொள்ளலாம். எந்த நாட்டில் பறக்கிறீர்களோ அந்த நாடு வெளியிடும் விமானத் தகவல் ஏடான ஏஐபி-யைத் திறந்து பாருங்கள்.

ரன்வே09: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கன்ட்ரோலர் என் அழைப்புப் பெயரைத் தப்பாகச் சொல்லி "ஸ்டாண்ட்பை" என்றார். நான் போய்விட்டேன். என் நண்பன் தப்பு என்கிறான்.

அமெரிக்காவில் என்று எடுத்துக்கொள்கிறேன். கடைசி எழுத்து மட்டும் மாறியதா, மொத்தமாக வேறு பெயரா? மொத்தமாக வேறு என்றால் அது இன்னொருவருக்கான பதிலாக இருக்கலாம், நுழைந்திருக்கக் கூடாது. ஒரு எழுத்து மாறியிருந்தால் பயிற்றுநர்களே இரண்டு பக்கமாகப் பிரிவார்கள். நானாக இருந்தால் சரியான பெயரை ஒருமுறை சொல்லித் திருத்திவிட்டு, அவர் வாயிலிருந்து அது வரும்வரை வெளியே சுற்றுவேன்.

பழைய_கை: ஒரு எழுத்துக்காக வட்டமடிப்பதா? ரேடியோவை அடைப்பதே உங்களைப் போன்றவர்கள்தான்.

இருக்கட்டும் அண்ணே. என் எரிபொருள்தானே.

கேமரா_கண்: டிரோனுக்கு எந்த கிளாஸில் அனுமதி?

உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் டிரோன் பக்கத்தைப் பாருங்கள். அது என் துறை அல்ல.

நீலவானம்: கிளாஸ் டி-யில் ஸ்டாண்ட்பை என்றால்...

மேலே இருக்கிறது.

தனிப்பறப்பு: மறுபடி நான்தான் சார். ரேடாரில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், என்னை அடையாளம் காண ஸ்குவாக் எண் கொடுத்தார்கள், "ரேடார் காண்டாக்ட்" என்றார்கள். அப்படியே கிளாஸ் பி-க்குள் போகலாமா?

கூடாது. சி, டி விஷயத்தில் எவ்வளவு தளர்வோ, பி-யில் அமெரிக்கா அவ்வளவு கறார். "கிளியர்டு" என்ற சொல் பி-யின் பெயரோடு உங்கள் காதில் விழ வேண்டும். ரேடாரில் தெரிகிறீர்கள், பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதெல்லாம் அனுமதி ஆகாது. சந்தேகம் வந்தால் "பிராவோவுக்குள் அனுமதி உண்டா, உறுதி செய்யுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். பிராவோ என்பது ரேடியோவில் பி-யின் பெயர். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

இந்தக் கறாருக்குப் பின்னால் நடந்தவை உண்டு. 1986 ஆகஸ்ட் 31, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் செரிட்டோஸ். வானம் தெளிவு. ஒரு பைப்பர் ஆர்ச்சர் அனுமதி இல்லாமல் அன்றைய டெர்மினல் கன்ட்ரோல் ஏரியாவுக்குள் நுழைந்துவிட்டது. இன்றைய பி-யின் பழைய பெயர் அதுதான். அந்த இடத்தில் அதன் அடித்தளம் 6,000 அடி, மோதல் நடந்தது ஏறத்தாழ 6,500 அடியில். இறங்கிக்கொண்டிருந்த ஏரோமெக்ஸிகோ டிசி-9 ஒன்றோடு மோதியது. இரண்டு விமானங்களிலும் 67 பேர், கீழே வீடுகளில் 15 பேர் இறந்தார்கள். ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டர் பைப்பரில் உயரத்தைச் சொல்லும் வகை அல்ல. அதனால் கன்ட்ரோலரின் திரையில் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை. உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டரும், பயணிகள் விமானங்களில் மோதல் வருமுன் எச்சரிக்கும் டிகேஸும் கட்டாயமானதற்கு இந்த விபத்து முக்கியமான காரணம். வட்டத்தைப் பார்த்தால் போதாது, அடித்தளத்தைப் படியுங்கள் என்று மேலே ஒருவரிடம் சொன்னது இதனால்தான்.

மலைக்காற்று: ஒன்று புரியவில்லை. அமெரிக்காவில் நெரிசலான பி-யில் மேகத்தைத் தொடாமல் இருந்தால் போதும். யாருமில்லாத இ-யில் 2,000 அடி தள்ளி இருக்க வேண்டும். தலைகீழாக இல்லையா?

இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. பி-யில் கன்ட்ரோலர் எல்லோரையும் பிரித்து வைக்கிறார், அதனால் மேகத்திலிருந்து திடீரென்று ஒருவர் உங்கள் மீது வந்து விழ மாட்டார். இ-யில் நீங்கள் யாரிடமும் பேசாமல் பறக்கலாம். அதே காற்றில் மேகத்துக்குள் ஐஎஃப்ஆர் விமானம் ஒன்று அனுமதியோடு வந்துகொண்டிருக்கும். அதன் கன்ட்ரோலருக்கு நீங்கள் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். மேகத்தின் ஓரத்தைத் தாண்டி அது வெளியே வரும் கணத்தில்தான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிறீர்கள். 10,000 அடிக்குக் கீழே உச்ச வேகம் 250 நாட், அதாவது விநாடிக்குச் சுமார் 420 அடி. 2,000 அடியைக் கடக்க ஐந்து விநாடிகூட ஆகாது. நீங்களும் அதை நோக்கி 100 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் மூன்றரை விநாடி. மேகத்தை உரசிக்கொண்டு போனால் அதுவும் கிடையாது. ஐகாவோவில் இந்தத் தூரம் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி. பக்கவாட்டில் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடைவெளி.

விசிறி_வால்: ஜி-யில் ரேடியோவே வேண்டாம் என்றால் அங்கே பேசாமலே போகலாமா?

போகலாம். ஆனால் ரேடியோ கையில் இருந்தும் பேசாமல் போகிறவரை எனக்குப் பிடிக்காது.

புதுச்சிறகு: ஸ்டாண்ட்பை பற்றி ஒரு சந்தேகம்...

தம்பி, மேலே மலைக்காற்றுக்குச் சொன்ன பதில். இனி இந்தச் சொல் வந்தால் பதில் இல்லை.

ரன்வே09: அமெரிக்காவில் ஒரு டி நிலையத்துக்கு 6 மைல் தூரத்தில் இருக்கிறேன், பார்வைத் தூரம் 2 மைல் என்கிறது டவர். விஎஃப்ஆருக்கு 3 மைல் வேண்டும். "ஃபீல்டு விஎஃப்ஆருக்குக் கீழே, உங்கள் நோக்கம் என்ன?" என்று கேட்டுவிட்டு அவர் சும்மா இருக்கிறார். என்ன எதிர்பார்க்கிறார்?

நீங்கள் சிறப்பு விஎஃப்ஆர் கேட்பதை. அவராக அதைக் கொடுக்க முன்வரமாட்டார், கேட்க வேண்டியது விமானி. கிடைத்தால் 1 மைல் பார்வையும் மேகத்தைத் தொடாமல் இருப்பதும் போதும். இரவில் என்றால் உங்களுக்கு ஐஎஃப்ஆர் தகுதியும், விமானத்தில் அதற்கான கருவிகளும் வேண்டும். தனியாகப் பறக்கும் மாணவருக்கு இது கிடையாது. ஐஎஃப்ஆர் போக்குவரத்து இருந்தால் உங்களைக் காக்க வைப்பார்கள். அந்த நேரத்தில் டி-க்கு வெளியே உங்களுக்கு உண்மையான விஎஃப்ஆர் வானிலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அனுமதிக்காகக் காத்திருக்காமல் வந்த வழியே திரும்புங்கள்.