பர்கர் கிங் ட்வீட்: கோபம் எந்த வரியின் மேல்?

கேள்வி: ஒரு பிராண்ட் ஜோக்காகப் போட்ட பதிவு திருப்பி அடித்தால், கமெண்டுகளை வைத்தே காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எத்தனை பேர் திட்டினார்கள் என்பதைவிட, பதிவின் எந்த வரிக்கு அவர்கள் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பர்கர் கிங் விவகாரத்தை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும்.

2021 மார்ச் 8, மகளிர் தினம். பர்கர் கிங்கின் பிரிட்டன் கணக்கு, 'பெண்களின் இடம் சமையலறை' என்ற ஒற்றை வரியை ஒரு ட்வீட்டாகப் போட்டது. அடுத்தடுத்த ட்வீட்டுகளில்தான் விளக்கம் வந்தது: அவர்கள் விரும்பினால் மட்டும், சமையல் கலைஞர்களில் பெண்கள் 20 சதவீதம்தான், அதை மாற்றப் பெண் ஊழியர்களுக்கு உதவித்தொகை தருகிறோம் என்று.

இதற்கு வரும் கமெண்டுகளை நான் மூன்றாகப் பிரிப்பேன். முதல் வகை, விளக்கத்தைப் பார்க்காதவர்கள். இவர்கள் முதல் வரிக்கு மட்டும் பதில் சொல்வார்கள், உதவித்தொகை என்ற பேச்சே வராது. கோட் ட்வீட்டில் இவர்கள் அதிகம் இருப்பார்கள். ஒருவர் மேற்கோள் காட்டிப் பகிரும்போது அந்த ஒரு ட்வீட்தான் போகிறது, தொடர் கூடப் போவதில்லை. அதனால் ரிப்ளைகளையும் கோட் ட்வீட்டுகளையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

இரண்டாவது வகை, முழுவதும் படித்துவிட்டும் கோபப்படுகிறவர்கள். 'உதவித்தொகை நல்ல விஷயம், அதைச் சொல்ல இந்த வசவு எதற்கு?' என்கிற மாதிரி எழுதுவார்கள். என்னைக் கேட்டால் இவர்கள் பேச்சுக்குத்தான் எடை அதிகம். முதல் வகை மட்டும் இருந்தால் பதிவைப் பிரித்துப் போட்டதுதான் தவறு என்று விட்டுவிடலாம். இரண்டாவது வகையும் கணிசமாக இருந்தால், பெண்கள் காலம் காலமாகக் கேட்டுச் சலித்த வாக்கியத்தை ஒரு பெரிய நிறுவனம் அவர்கள் நாளிலேயே தூண்டிலாகப் போட்டதுதான் உண்மையான காரணம். அதற்கு விளக்கம் மருந்தாகாது.

மூன்றாவது வகை, அந்த வரியை உண்மையாகவே ஆமோதித்துப் பெண்களைக் கேலி செய்ய வருகிறவர்கள். இவர்கள் கூடினால் ஜோக் யார் பக்கம் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

நடந்ததும் இதுதான். கேஎஃப்சியின் கேமிங் கணக்கு 'அழித்துவிடுங்கள்' என்று சொன்னபோது, பெண்கள் குறைவாக இருப்பதைக் கவனப்படுத்தும் பதிவை ஏன் அழிக்க வேண்டும் என்று பர்கர் கிங் திருப்பிக் கேட்டது. அதாவது எல்லோரையும் முதல் வகையாகவே நினைத்து, இன்னொரு முறை விளக்கினால் சரியாகிவிடும் என்று நம்பியது. அன்றே மன்னிப்புக் கேட்டு, ட்வீட்டையும் அழித்தது. தொடரில் வசைக் கமெண்டுகள் வந்ததை அழித்ததற்குக் காரணமாகச் சொன்னது.

அதே வாக்கியம் அமெரிக்காவில் நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரத் தலைப்பாகவும் வந்தது. அங்கே விளக்கம் அதே பக்கத்தில், தலைப்புக்குக் கீழேயே இருந்தது. ட்விட்டரிலும் அந்த முதல் வரியையும் விளக்கத்தையும் 280 எழுத்துக்குள் ஒரே ட்வீட்டில் அடக்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் முதல் வகைக் கோபம் பெரும்பாலும் குறைந்திருக்கும், இரண்டாவது வகை அப்படியே இருந்திருக்கும்.