பாயிண்டும் ரெஃபரலும்: கையில் நிற்கும் காசிலிருந்து கணக்குப் போடுங்கள்

கேள்வி: மன்னார்குடியில் வீட்டிலிருந்தே ஆன்லைன் மளிகைக் கடை நடத்துகிறேன். 300 வீடுகள் வாடிக்கை, மாதம் இரண்டு முறை வாங்குவார்கள். சராசரி பில் 800 ரூபாய், அதில் சரக்கு லாபம் 100 ரூபாய். டெலிவரிக்கும் பைக்கும் 40 போகிறது. 100 ரூபாய்க்கு 5 பாயிண்ட் தருகிறேன், ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய். புதிதாக ஒருவரைச் சேர்த்துவிட்டால் இருவருக்கும் ஆளுக்கு 100 ரூபாய் தள்ளுபடி. விற்பனை கூடியிருக்கிறது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. எங்கே தவறு?

பதில்: ஒரு பில்லில் உங்களுக்கு மிஞ்சுவது 60 ரூபாய். அதில் 40 ரூபாய் பாயிண்டாகப் போனால் 20 ரூபாய்தான் உங்களுடையது. ஒரு புதிய வீட்டுக்காக நீங்கள் கொடுக்கும் 200 ரூபாயை அந்த 20 ரூபாயில் மீட்க அந்த வீடு பத்து முறை வாங்க வேண்டும், அதாவது ஐந்து மாதம். தள்ளுபடிக்காக வந்து ஒரே பில்லோடு நின்றுவிட்டால் 180 ரூபாய் நட்டம். விற்பனை கூடக் கூட காசு குறைவதற்கு இதுவே காரணம்.

முதலில் அரிசி, எண்ணெய், சர்க்கரை, பருப்புக்குப் பாயிண்டை நிறுத்துங்கள். இவற்றில் லாபம் மெலிது. எந்தக் கடையில் என்ன விலை என்று எல்லா வீட்டுக்கும் தெரிந்த சரக்கு என்பதால், விலையைக் கூட்டிப் பாயிண்டை ஈடுகட்டவும் முடியாது. நீங்களே அரைக்கும் பொடிகள், வடகம், அப்பளம், காப்பித்தூள் போன்றவற்றுக்கு மட்டும் 100 ரூபாய்க்கு 4 பாயிண்ட் வையுங்கள். 800 ரூபாய் பில்லில் இவை 250 ரூபாய்க்கு இருந்தால் 10 பாயிண்ட் சேரும், உங்கள் கையில் 50 ரூபாய் நிற்கும். 30 பாயிண்ட் சேர்ந்ததும் பயன்படுத்தலாம் என்று வைத்தால், மூன்று பில்லில் வாடிக்கையாளர் பலனைத் தொட்டுவிடுவார். 200, 300 சேர்ந்தால்தான் உண்டு என்றால் பாதியிலேயே மறந்துவிடுவார்கள்.

ரெஃபரலை முதல் பில்லிலிருந்து இரண்டாவது பில்லுக்கு மாற்றுங்கள். புதியவருக்கு இரண்டாவது ஆர்டரில் 40 ரூபாய் கழிவு. அந்த ஆர்டர் வீடு சேர்ந்த பிறகு, அழைத்து வந்தவருக்கு உங்கள் பருப்புப்பொடி ஒரு பாக்கெட். 60 ரூபாய்க்கு விற்கும் பாக்கெட்டின் அடக்கம் 35 ரூபாய் என்றால், அவர் பெறுவது 60, உங்களுக்குச் செலவு 35. இரண்டு பில்லில் வரும் 100 ரூபாயில் 75 போகும். புதியவர் அதோடு நின்றுவிட்டாலும் நட்டமில்லை. பொடி பிடித்துப்போனால் அழைத்து வந்தவர் அடுத்த முறை காசு கொடுத்து வாங்குவார், அதற்குப் பாயிண்டும் உண்டு.

ஒரே வீட்டில் அப்பா எண்ணிலிருந்து மகள் எண்ணுக்கு ரெஃபரல் போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். புதிய எண்ணிலிருந்து ஆர்டர் வரத் தொடங்கும் அதே வாரம் பழைய எண் அடங்கிவிடும், சாமான் பட்டியலும் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும். ஒரு கதவு எண்ணுக்கு ஒரு முறைதான் சலுகை என்று சொல்லிவிடுங்கள். மாடியில் தனிக் குடித்தனம் இருக்கிறதா என்பது டெலிவரிக்குப் போகும் பையனுக்குத் தெரியும், அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, இதுவரை கொடுத்த பாயிண்டுகள். வீட்டுக்குச் சராசரி 60 என்றால் 300 வீட்டுக்கு 18,000 ரூபாய். இது உங்கள் கடன், கணக்குப் புத்தகத்தில் கடனாகவே எழுதுங்கள். இதில் ஒரு பாயிண்டைக்கூட ரத்து செய்யாதீர்கள். தெருவுக்குத் தெரு முகம் தெரிந்த ஊரில் ஒரு வீட்டின் மனக்குறை பத்து வீட்டுக்குப் போகும். புதிய முறை எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். பழையது பழைய மதிப்பிலேயே கழியட்டும்.

ஆனால் எல்லாரும் தீபாவளி பில்லில் கழிக்க வந்தால், நீங்கள் பண்டிகைச் சரக்குக்கு முதல் போட்ட அதே வாரத்தில் கைக்கு வரும் காசில் அந்த 18,000 குறையும். ஆகவே ஆடி, ஆவணியிலேயே "உங்களிடம் இத்தனை பாயிண்ட் இருக்கிறது" என்று வீட்டுக்கு வீடு செய்தி அனுப்புங்கள். குறுவை வயலில் நிற்க, சம்பாவுக்கு நாற்றங்காலும் உழவும் செலவு வைக்கும் மாதங்கள் அவை. கையிருப்பு குறைந்த விவசாய வீட்டுக்கு அப்போது கிடைக்கும் 60 ரூபாய் கழிவு, தீபாவளியில் கிடைப்பதைவிடப் பெரியது. ஆர்டரைத் தள்ளிப்போட இருந்தவரும் வாங்குவார்.

பாயிண்டுக்குக் காலாவதி 90 நாள் என்று பல மென்பொருள்களில் எளிதாக வைத்துவிடலாம், நீங்கள் அப்படி வைக்காதீர்கள். சம்பா அறுத்த கையோடு தை, மாசியில் மொத்தமாக வாங்கும் வீட்டுக்கு, சேர்த்த பாயிண்ட் வைகாசிக்குள் போய்விடும். கடைசியாக வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் என்று வையுங்கள், ஒவ்வொரு பில்லிலும் அந்தத் தேதி தானே நகரும்.