12 பள்ளிகளின் குலுக்கல்: ஓர் ஆய்வைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது எப்படி?

கேள்வி: டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம். மகள் முதல் வகுப்புப் படிக்கிறாள். வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாக வருகிறது என்று சொல்லும் சீன ஆய்வைப் பற்றி, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தமிழில் 10 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு புரிகிறது. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கே பிடிபடவில்லை. எளிமையாக எப்படிச் சொல்லலாம்?

பதில்: ஆய்வு நடந்த விதத்தை முதல் ஒரு நிமிடத்திலேயே சொல்லி முடித்துவிடுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் முதல் வகுப்பில் படித்த 1,900 பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதலானோர் ஆய்வில் சேர்ந்தார்கள். குலுக்கலில் வந்த 6 பள்ளிகளில் ஒவ்வொரு பள்ளி நாளிலும் 40 நிமிடம் கூடுதலாக ஒரு வெளிப்புற வகுப்பு நடந்தது. மற்ற 6 பள்ளிகள் வழக்கம்போல இயங்கின. 2010 அக்டோபரில் தொடங்கி 3 ஆண்டுகள் கழித்து, எந்தப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருக்கிறது என்று எண்ணினார்கள். முடிவுகள் 2015இல் வெளியாயின.

எஞ்சிய நேரத்தில் பாதியை "ஏன் குலுக்கல்?" என்ற ஒரே கேள்விக்கு ஒதுக்குங்கள் என்பது என் கருத்து. அது புரியாவிட்டால் மற்றவை வெறும் எண்களாகவே நிற்கும். டெல்லிப் பள்ளிப் பிள்ளைகளிடம் எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி அதே 2015இல் வெளியிட்ட கணக்கெடுப்பிலும், நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடும் பிள்ளைகளிடையே கிட்டப்பார்வை குறைவாகவே இருந்தது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் யார் விளையாடுவது என்பதைப் பிள்ளைகளும் வீடுகளும்தான் முடிவு செய்திருந்தன. தூரத்தில் வரும் பந்து மங்கலாகத் தெரிகிற பையன் கிரிக்கெட்டிலிருந்து தானாகவே ஒதுங்கிப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடலாம்; அப்படியானால் விளையாடாததால் பார்வை கெட்டதா, பார்வை கெட்டதால் விளையாடவில்லையா என்பதைக் கணக்கெடுப்பை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. பெற்றோர் இருவரும் கண்ணாடி அணிகிற வீட்டில் படிப்பு நேரமும் அதிகமாக இருந்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடும். குலுக்கல் இந்த முடிவை வீட்டின் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. பார்வை மங்கிய பிள்ளையும் தெளிவான பிள்ளையும், படிப்பாளி வீடும் விளையாட்டு வீடும் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழுவதற்கு வாய்ப்பு வருகிறது.

"பிள்ளைகளுக்குத் தனித்தனியே சீட்டுப் போட்டிருக்கலாமே, ஏன் பள்ளிகளுக்குப் போட்டார்கள்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஒரே வகுப்பில் பாதிப் பேரை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு மீதிப் பேரை உள்ளே உட்கார வைத்தால், இரண்டாம் நாளே அவர்களும் வெளியே ஓடிவிடுவார்கள். ஆசிரியராலும் தடுக்க முடியாது, தடுப்பதும் நியாயமில்லை. அதனால்தான் பள்ளியையே ஓர் அலகாக வைத்தார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே வீட்டுப்பாடம், ஒரே நேரப் பட்டியல், ஒரே அக்கம்பக்கம் என்று ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். ஒரே மாவில் வார்த்த 10 இட்லியைச் சுவைத்துவிட்டு 10 வீட்டு மாவைப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல முடியாதல்லவா? அதுபோல இங்கே பிள்ளைகள் 1,900க்கு மேல் இருந்தாலும் குலுக்கிய சீட்டுகள் 12தான். ஆய்வாளர்கள் இந்த ஒற்றுமையையும் கணக்கில் கொண்டுதான் விடை காண வேண்டியிருந்தது.

கண்ணை அளந்த முறைக்கு இரண்டு நிமிடம் போதும். சிறு பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கும் தசை வலுவானது. கருவிக்குள் உற்றுப் பார்க்கும்போது அது இறுகிக்கொண்டு, இல்லாத மைனஸ் பவரை இருப்பதுபோலக் காட்டிவிடும். அதனால் அந்தத் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்ட பிறகே அளந்தார்கள். சொட்டு மருந்து விட்டுவந்த நாளில் பிள்ளை வெயிலில் கண் கூசி, நோட்டில் எழுதிய எழுத்து தெரியவில்லை என்று சொன்னதை உங்கள் கூட்டத்திலேயே பல தாய்மார்கள் பார்த்திருப்பார்கள். அதை நினைவூட்டுங்கள், உடனே புரிந்துவிடும். மைனஸ் அரை பவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் கிட்டப்பார்வை என்று கொண்டார்கள்.

இப்போது எண்ணிக்கை. வெளிப்புற வகுப்பு நடந்த பள்ளிகளில் 853 பிள்ளைகளில் 259 பேருக்கும், வழக்கமான பள்ளிகளில் 726 பிள்ளைகளில் 287 பேருக்கும் கிட்டப்பார்வை வந்திருந்தது. 259, 287 ஆகிய இரண்டை மட்டும் சொன்னால் வித்தியாசம் 28 பேர்தானே என்று தோன்றிவிடும். மொத்தம் வேறு வேறாக இருப்பதால் நூற்றுக்கு எத்தனை என்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நூற்றுக்கு 30.4, 39.5 என்று வருகிறது.

இதைத் திரையில் காட்டுவதைவிட அரங்கிலேயே காட்டலாம். முன் வரிசைகளில் இருக்கும் 40 பெற்றோரை ஒரு வகுப்பாகக் கொள்ளுங்கள். 16 பேரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். வழக்கமான பள்ளியில் 3 ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் ஏறத்தாழ இத்தனை பேர். பிறகு அவர்களில் 4 பேரை உட்காரச் சொல்லுங்கள். 40 நிமிட வகுப்பு ஏற்படுத்திய வித்தியாசம் அந்த 4 பேர்தான். மீதி 12 பேர் இன்னும் நின்றுகொண்டிருப்பதை எல்லோரும் ஒரு கணம் பார்க்கட்டும். தினமும் வெளியே போயும் அந்த 12 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. செய்தித் தலைப்புகளில் இதே முடிவை "23 சதவீதம் குறைந்தது" என்றும் எழுத முடியும், 39.5இல் 9.1 என்பது எத்தனை பங்கு என்று கணக்கிட்டால் அது வரும். அதுவும் தவறில்லை, ஆனால் அதைக் கேட்ட பெற்றோர் நூறு பிள்ளைகளில் 23 பேர் தப்பிவிட்டதாக எண்ணிக்கொள்வார்கள். ஆகவே ஆட்களை நிற்க வைத்துக் காட்டுவதையே நான் விரும்புகிறேன்.

ஆய்வு எங்கே நிற்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 40 நிமிட வகுப்போடு, விடுமுறை நாட்களிலும் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகும்படி அந்த 6 பள்ளிகளின் பெற்றோரை ஊக்கப்படுத்தவும் செய்தார்கள். ஆகவே பலன் முழுவதும் வகுப்பினால் மட்டுமே வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தாங்கள் எந்தப் பக்கம் என்பது தெரிந்தே இருந்தது. மேலும், 3 ஆண்டுகளில் கிட்டப்பார்வை வராத பிள்ளைக்கு 12 வயதில் வராது என்று இந்த எண்களைக் கொண்டு சொல்ல முடியாது, தள்ளிப்போயிருக்கலாம். ஆனால் சிறு வயதில் தொடங்கினால் பவர் ஏறுவதற்கு ஆண்டுகள் அதிகம் கிடைத்துவிடும் என்பதால், தள்ளிப்போவதும் நல்லதே.

டெல்லியில் கட்டாயம் எழும் கேள்வி நவம்பர் புகைமூட்டத்தைப் பற்றியது. அந்த நாட்களில் பிள்ளையை வெளியே அனுப்பலாமா என்பதற்கு இந்த ஆய்வில் பதில் கிடையாது. அது கண்ணை மட்டுமே அளந்தது, நுரையீரலை அளக்கவில்லை. வெளிப்புறச் செயல்பாடுகள் வேண்டாம் என்று பள்ளி அறிவிக்கும் நாளில் அந்த அறிவிப்பையே பின்பற்றச் சொல்லுங்கள். ஆய்வைக் காட்டி வாதாட வேண்டாம்.

ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளையின் தாயோ தந்தையோ, "எங்கள் பிள்ளைக்கு இனிப் பவர் ஏறாதா?" என்று கேட்டால் அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். தொடக்கத்தில் கிட்டப்பார்வை இல்லாதவர்களுக்குப் புதிதாக வருகிறதா என்பதைத்தான் 16, 12 என்ற அந்த எண்ணிக்கை காட்டுகிறது. கண்ணாடி போட்ட பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை. பவர் ஏறும் வேகத்தைப் பற்றி அவர்கள் கண் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.