‘ரிவர்ட்’ என்று எழுதினால் பழைய டிராயிங்குக்கே போய்விடுவார்கள்

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். சிகாகோ தலைமை அலுவலகம் எழுதும் நோட்டீஸைச் சரிபார்த்து வியட்நாம், ஜெர்மனி, பிரேசில் சப்ளையர்களுக்கு அனுப்புவது என் வேலை. மரபுத்தொடர் எதுவும் இருக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ‘பால்பார்க் ஃபிகர்’, ‘லோ ஹேங்கிங் ஃப்ரூட்’ எல்லாம் எடுத்துவிட்டேன். மிச்சம் இதுதான்: ‘வி ஹேவ் டேபிள்ட் தி நியூ டிராயிங். யூ மே வான்ட் டு லுக் ஓவர் தி டாலரன்ஸஸ். ப்ளீஸ் ரிவர்ட் பை இஓடி ஃப்ரைடே.’ கடைசி வாக்கியம் நான் சேர்த்தது. இதில் இன்னும் எதை மாற்ற வேண்டும்? எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.
— வாசகி, கோவை

பதில்: நீங்கள் எடுத்ததெல்லாம் எடுக்க வேண்டியவைதான், ஆனால் அவற்றால் பெரிய ஆபத்து இல்லை. பம்ப் நோட்டீஸில் திடீரென்று பழம் வந்தால் ஹனோயில் இருப்பவருக்குப் புரியாது, புரியவில்லை என்பதும் அவருக்கே தெரியும், அதனால் அகராதியைப் பார்ப்பார் அல்லது உங்களுக்கு மெயில் போடுவார். காசு போவது வேறு இடத்தில். வார்த்தை ரொம்பச் சாதாரணமாக இருக்கும், படிப்பவர் புரிந்துவிட்டது என்று நினைத்து வேலையை ஆரம்பித்துவிடுவார், ஆனால் அவர் புரிந்துகொண்டது வேறாக இருக்கும். உங்கள் மூன்று வாக்கியங்களிலும் அப்படி ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

முதலில் ‘டேபிள்ட்’. அமெரிக்கர் இப்படி எழுதினால் விஷயத்தை இப்போதைக்கு ஒத்திவைத்துவிட்டோம் என்று பொருள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இதற்கு நேர் எதிர்: விவாதத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டோம். ஆங்கிலமே தாய்மொழியாக இருப்பவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் தரப்பு ஓர் அறிக்கையை உடனே பேச வேண்டும் என்பதற்காக ‘டேபிள்’ செய்யச் சொல்ல, அமெரிக்கத் தரப்பு அதைக் கிடப்பில் போடச் சொல்வதாக எடுத்துக்கொள்ள, இரண்டு பேரும் ஒன்றையே விரும்புகிறார்கள் என்று தெரியும்வரை நீண்ட நேரம் காரசாரமாக வாதாடியதைச் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். உங்கள் ஜெர்மன் சப்ளையர் பள்ளியில் பிரிட்டிஷ் ஆங்கிலம் படித்தவராக இருந்தால், புதிய டிராயிங் பரிசீலனைக்கு வந்துவிட்டது என்று அதற்கான டூலிங் செலவைக்கூடத் தொடங்கிவிடலாம்.

‘போஸ்ட்போன்ட்’ என்று மாற்றுங்கள். மாற்றியதும் வாக்கியத்தில் இருக்கும் ஓட்டை தெரியும்: எதுவரை ஒத்திவைப்பு, அதுவரை எந்த டிராயிங்கில் பொருள் செய்வது? இந்த மாதிரித் தொடர்கள் தகவல் இல்லாததை மூடி மறைத்துவிடும், அதனால்தான் வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் போதாது. சிகாகோவிடம் கேட்டு அடுத்த வாக்கியமாகவே எழுதுங்கள்: ‘கன்டினியூ டு யூஸ் ரிவிஷன் பி.’

அடுத்து ‘யூ மே வான்ட் டு’. இது கட்டளை, ஆனால் மரியாதைக்காக யோசனை மாதிரி எழுதியிருக்கிறார்கள். சிகாகோவில் படிப்பவருக்கு ‘செய்துவிடு’ என்றுதான் கேட்கும். மற்றவர்கள் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு, விருப்பம் இருந்தால் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். கட்டாயமான வேலை என்றால் ‘ப்ளீஸ்’ போட்டு நேராகக் கேளுங்கள், அது மரியாதைக் குறைவே இல்லை. ‘லுக் ஓவர்’ என்பதையும் விட்டுவைக்காதீர்கள். ஒரு சின்ன வினைச்சொல்லோடு ‘ஓவர்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ ஒட்டிக்கொண்டு வரும் தொடர்கள்தான் இரண்டாம் மொழியாகப் படித்தவர்களை அதிகம் தடுமாற வைப்பவை. ‘லுக் ஓவர்’ என்றால் பார்வையிடுவது, ‘ஓவர்லுக்’ என்றால் கவனிக்காமல் விடுவது, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகச் சுலபம். ‘செக்’ போதும். எந்த ஷீட்டில் எந்த டாலரன்ஸ் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் சேர்த்த வாக்கியம். நம் ஊர் அலுவலகங்களில் ‘ரிவர்ட்’ என்றால் பதில் அனுப்பு. வெளியே பெரும்பாலான இடங்களில் அதற்கு முந்தைய நிலைக்குத் திரும்பு என்றுதான் அர்த்தம். டிராயிங் ரிவிஷன் பற்றிய பத்தியிலேயே ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று வந்தால், அதற்கு முந்தைய ரிவிஷனுக்குப் போகச் சொல்கிறீர்கள் என்றே ஒருவர் படிக்க முடியும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். சிகாகோவின் மரபுத்தொடர் நம் கண்ணில் குத்துகிறது, நம்முடையது நமக்கு நல்ல ஆங்கிலமாகவே தெரிகிறது. ‘டூ தி நீட்ஃபுல்’, ‘ப்ரீபோன்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, லட்சம், கோடி, ‘பிஃபோர் தீபாவளி’ எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

‘இஓடி ஃப்ரைடே’, அதாவது வெள்ளிக்கிழமை வேலை நேரம் முடிவதற்குள் என்றால், யாருடைய வெள்ளி? மார்ச் மாதக் கடைசியில் சிகாகோவில் வெள்ளி மாலை 5 மணி ஆகும்போது வியட்நாமில் சனிக்கிழமை அதிகாலை 5. மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டு, மணியையும் ஊரையும் சொல்லுங்கள்: ‘14 மார்ச் 2025, 17:00 இந்தியா டைம்.’ எண்ணிலும் கவனம் வேண்டும். ஜெர்மனியிலும் பிரேசிலிலும் காற்புள்ளிதான் தசமப் புள்ளி, ஆகவே ‘1,250’ என்று எழுதினால் அங்கே ஒன்றேகால் என்று படிக்கலாம். காற்புள்ளி இல்லாமல் 1250 என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இந்த இரண்டு நாடுகளுக்கும் அனுப்புவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘திஸ் பார்ட் வில் ஈவென்ச்சுவலி பி டிஸ்கன்டின்யூட்’ என்று எழுதினால் ‘கடைசியில் கட்டாயம் நிறுத்துவோம்’ என்று பொருள். ஆனால் ஜெர்மன் மொழியிலும் போர்ச்சுகீசிலும் கிட்டத்தட்ட அதே ஒலியுள்ள சொல்லுக்கு ‘ஒருவேளை’ என்ற பொருள் உண்டு. அவர் ஒருவேளை நிறுத்தலாம் என்று படித்துவிட்டு ஸ்டாக் சேர்த்துக்கொண்டிருப்பார். தேதி தெரிந்தால் தேதியைப் போடுங்கள்.

இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் பழகிய தொடரைக் கண் தாண்டிப் போய்விடும். நோட்டீஸைப் பார்க்காத ஒருவரிடம், முடிந்தால் சப்ளையர் பக்கத்திலேயே பழக்கமான ஒருவரிடம், ஒரு பத்தியைக் கொடுங்கள். புரிகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இதைப் படித்துவிட்டு என்ன செய்வீர்கள், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். அவர் சொல்வது நீங்கள் நினைத்ததிலிருந்து விலகும் இடத்தில்தான் பிரச்சினை இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ‘லீட் டைம்’, எஃப்ஓபி போன்ற தொழில் சொற்களை எளிமை என்ற பெயரில் மாற்றாதீர்கள், அவை சப்ளையருக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும். அதைவிட முக்கியம், நோட்டீஸோடு ஒப்பந்தம் இணைந்திருந்தால் அதில் கை வைக்காதீர்கள். ‘டைம் ஈஸ் ஆஃப் தி எசென்ஸ்’ என்பது பார்க்க வெறும் அலங்காரமாகத் தெரியும். உண்மையில் அது சட்டத்தில் தனி எடை உள்ள சொல், குறித்த நாளில் டெலிவரி வரவில்லை என்றால் ஒப்பந்தத்தையே முறிக்க வாங்குபவருக்கு உரிமை கொடுக்கக்கூடியது. அதை ‘டைம் ஈஸ் இம்பார்ட்டன்ட்’ என்று மாற்றினால் அந்த உரிமையே போகலாம். அந்த வரியை அப்படியே விட்டு, அதற்கு விளக்கம் வேண்டுமென்றால் உங்கள் வக்கீலிடம் எழுதி வாங்கி, நோட்டீஸில் தனியாகச் சேருங்கள்.